இரண்டாம் துறையில் அசாதாரணப் பழுது: எடையிட்ட சராசரி முறையில் சமான அலகு கணக்கிடும் முழு வழி

முதல் துறையின் கணக்கைத் தடுமாறாமல் போடுகிறவர்கள்கூட இரண்டாம் துறையில் பழுது வந்ததும் சிக்கிக்கொள்கிறார்கள். சூத்திரம் அவர்களுக்குத் தெரியும். எதை முதலில் செய்ய வேண்டும் என்பதில்தான் பிசகு வருகிறது. இயல்பான பழுது எத்தனை என்று முடிவு செய்வதற்கு முன்பே சமான அலகு அட்டவணையைத் தொடங்கிவிடுகிறார்கள். பிறகு எண்களை அட்டவணைக்குள் திணிக்கிறார்கள். கூட்டுத்தொகை பொருந்திவிடுவதால் தவறு கண்ணில் படுவதில்லை.

புதுச்சேரியில் பீங்கான் குவளை செய்யும் ஒரு சிறு தொழிற்சாலையைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். முதல் துறை களிமண்ணை வார்த்து, உலர்த்தி, முதல் சூடு போட்டு அனுப்புகிறது. இரண்டாம் துறை அதற்குக் கிளேஸ் பூசி, மின்சூளையில் இரண்டாம் சூடு போட்டு, அடிப்பாகத்தைத் தேய்த்து, அட்டைப்பெட்டியில் போடுகிறது. கீழே வருவது இந்த இரண்டாம் துறையின் ஒரு மாதக் கணக்கு.

1. கணக்கைத் தொடங்கும் முன் கேட்டு வாங்க வேண்டியவை

அலகுகளும் செலவுகளும் எப்படியும் கணக்குப் புத்தகத்தில் இருக்கும். உற்பத்தி மேற்பார்வையாளரிடம் போய்க் கேட்டு வாங்க வேண்டியவை நான்கு.

முதலாவது, சோதனை எந்தக் கட்டத்தில் நடக்கிறது என்பது. நம் தொழிற்சாலையில் சூளையைத் திறந்து குவளைகளை இறக்கும்போது ஒவ்வொன்றாகப் பார்க்கிறார்கள். அதற்குள் இரண்டாம் துறையின் கூலியிலும் மேற்செலவிலும் 80% செலவாகிவிடுகிறது. தேய்ப்பதும் பெட்டியில் போடுவதும் மீதி 20%.

இரண்டாவது, ஒவ்வொரு பொருளும் எப்போது சேர்கிறது என்பது. கிளேஸ் துறையின் தொடக்கத்திலேயே சேர்கிறது, பெட்டி கடைசியில்.

மூன்றாவது, இயல்பான பழுதின் விகிதமும் அந்த விகிதம் எதன் மேல் என்பதும். ‘நாலு சதவீதம் போகும்’ என்று மட்டும் சொன்னால் போதாது. உள்ளே வந்ததில் 4 சதவீதமா, சோதித்ததில் 4 சதவீதமா, தேறியதில் 4 சதவீதமா என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். இங்கே தேறிய நல்ல குவளைகளில் 4%.

நான்காவது, ஆரம்ப முடிவுறாச் சரக்கும் இறுதி முடிவுறாச் சரக்கும் எத்தனை சதவீத வேலை முடிந்த நிலையில் இருந்தன என்பது. எடையிட்ட சராசரியில் ஆரம்பச் சரக்கின் சதவீதம் தேவையில்லை என்று படித்திருப்பீர்கள். சமான அலகுக்கு அது தேவையில்லை, உண்மைதான். ஆனால் 3ஆம் படியில் அது தேவைப்படும்.

2. குவளைகளை மட்டும் எண்ணுங்கள்

இந்தப் படியில் ரூபாய் வேண்டாம், சதவீதமும் வேண்டாம். முழுக் குவளைகள் எங்கிருந்து வந்தன, எங்கே போயின என்பது மட்டும்தான்.

ஆரம்ப முடிவுறாச் சரக்கு 1,000 (50% முடிந்தது). முதல் துறையிலிருந்து வந்தது 9,000. ஆக, கணக்குச் சொல்ல வேண்டியது 10,000.

நல்லவையாக முடிந்து கிடங்குக்குப் போனவை 8,000. மாத இறுதியில் துறையில் இருப்பவை 1,200 (40% முடிந்தது). மீதி 800 பழுது.

பழுது என்று எழுதும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: இவற்றில் மறுபடி சூளையில் வைத்துத் தேற்றக்கூடியவை உண்டா? சூடு போதாமல் கிளேஸ் சரியாக உருகாத குவளையை மறுசூடு போட்டு நல்லதாக்க முடிந்தால் அது பழுதல்ல, மறுவேலை. அது முடிவுறாச் சரக்கில் இருக்க வேண்டும். விரிசல் விட்டதும் சரிந்து உருக்குலைந்ததும்தான் பழுது. நம் 800 குவளைகளும் அப்படிப் பிரித்துப் பார்த்த பிறகு மிஞ்சியவை.

3. பழுதை இரண்டாகப் பிரியுங்கள்

இந்தப் படிதான் மொத்தக் கணக்கையும் தீர்மானிக்கிறது. அவசரப்பட வேண்டாம்.

நன்றாக இயங்கும் சூளையிலும் சில குவளைகள் போகத்தான் செய்யும். அது நல்ல குவளையைச் செய்வதற்கான செலவின் ஒரு பகுதி. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அதுபோன்ற ஒரு நாளில் மின்சாரம் நின்று, சூளை கட்டுப்பாடில்லாமல் குளிர்ந்து, ஓர் அடுக்கு முழுவதும் விரிசல் விட்டால் அது அசாதாரணம். அந்தச் செலவை நல்ல குவளையின் விலையில் ஏற்றக் கூடாது. சரக்கிருப்பு மதிப்பீட்டுக்கான கணக்கியல் தரம் 2-உம் இதையே சொல்கிறது: இயல்புக்கு மீறி வீணான பொருளும் கூலியும் சரக்கின் அடக்கத்தில் சேராது, அந்தக் காலத்தின் செலவாகப் போகும்.

ஆனால் எத்தனை குவளைகள் அசாதாரணம் என்பதை ‘புயலன்று உடைந்தவை’ என்று எண்ணி முடிவு செய்வதில்லை. முதலில் இயல்பான அளவைக் கணக்கிடுகிறோம். அதற்கு மேல் இருப்பதெல்லாம் அசாதாரணம்.

இயல்பான அளவைக் கணக்கிட, இந்த மாதம் சோதனையைத் தாண்டிய நல்ல குவளைகள் எத்தனை என்று தெரிய வேண்டும். இறுதிச் சரக்கு 1,200-உம் 40 சதவீதத்தில் நிற்கின்றன. 80 சதவீதத்தில் உள்ள சோதனைக்கு அவை இன்னும் வரவில்லை, அதனால் அவை சேராது. ஆரம்பச் சரக்கு 1,000-உம் மாதத் தொடக்கத்தில் 50 சதவீதத்தில் இருந்தன. ஆகவே அவையும் இந்த மாதம்தான் சோதனைக்கு வந்தன. அப்படியானால் முடிந்த 8,000-உம் இந்த மாதம் சோதித்துத் தேறியவையே.

இயல்பான பழுது: 8,000 × 4% = 320
அசாதாரணப் பழுது: 800 − 320 = 480

ஆரம்பச் சரக்கு 90 சதவீதத்தில் இருந்திருந்தால்? அவை போன மாதமே சோதனையைத் தாண்டியிருக்கும். அவற்றுக்கான இயல்பான பழுதும் போன மாதக் கணக்கிலேயே ஏறியிருக்கும். இந்த மாதம் தேறியவை 7,000 மட்டும், இயல்பான பழுது 280. எடையிட்ட சராசரி என்றதும் ஆரம்பச் சரக்கின் சதவீதத்தை அடித்துவிடுகிறவர்கள் இங்கேதான் வழுக்குகிறார்கள்.

அதேபோல இறுதிச் சரக்கு 90 சதவீதத்தில் நின்றிருந்தால் அந்த 1,200-உம் சோதனையில் தேறியவை. அப்போது அடிப்படை 9,200, இயல்பான பழுது 368.

விகிதத்தின் அடிப்படையை மாற்றிப் போட்டால் என்ன ஆகும் என்பதையும் பாருங்கள். உள்ளே வந்த 10,000-இல் 4% என்று எடுத்தால் இயல்பானது 400 ஆகிவிடும், அசாதாரணமும் 400. கீழே வரும் விலைப்படி ஒரு பழுதுக் குவளையின் அடக்கம் ₹58. 80 குவளைகளின் ₹4,640 நட்டக் கணக்கிலிருந்து சத்தமில்லாமல் நல்ல சரக்கின் மதிப்புக்குள் நுழைந்துவிடும். இறுதிக் கூட்டுத்தொகை அப்போதும் கச்சிதமாகப் பொருந்தும். கூட்டல் சரியாக வந்தது என்பது பிரிப்பு சரி என்பதற்குச் சான்று ஆகாது.

4. சமான அலகுகள்: ஒவ்வொரு செலவுக்கும் தனித்தனியாக

ஒரு செலவு எப்போது சேர்கிறதோ அதை வைத்துத்தான் சமான அலகு. இரண்டாம் துறையில் நான்கு வகைச் செலவு இருப்பதால் நான்கு நிரல் வேண்டும்.

| | குவளை | முந்தைய துறைச் செலவு | கிளேஸ் | கூலி, மேற்செலவு | பெட்டி |
|---|---|---|---|---|---|
| முடிந்த நல்லவை | 8,000 | 8,000 | 8,000 | 8,000 | 8,000 |
| இயல்பான பழுது | 320 | 320 | 320 | 256 | 0 |
| அசாதாரணப் பழுது | 480 | 480 | 480 | 384 | 0 |
| இறுதி முடிவுறாச் சரக்கு | 1,200 | 1,200 | 1,200 | 480 | 0 |
| மொத்தம் | 10,000 | 10,000 | 10,000 | 9,120 | 8,000 |

முந்தைய துறைச் செலவு முதல் துறையில் இல்லாத நிரல். அதனால்தான் பலரும் அதை மறந்துவிடுகிறார்கள், அல்லது கிளேஸோடு சேர்த்து ‘பொருள்’ என்று எழுதிவிடுகிறார்கள். குவளை இந்தத் துறைக்குள் நுழையும்போதே முதல் துறைச் செலவு முழுவதையும் சுமந்துகொண்டுதான் வருகிறது. அதனால் அந்த நிரலில் எல்லாமே 100%, பழுதும்கூட. இந்தக் கணக்கில் கிளேஸும் தொடக்கத்திலேயே சேர்வதால் இரண்டையும் சேர்த்தாலும் விடை மாறாது. கிளேஸ் 30% கட்டத்தில் சேரும் வேறொரு தொழிற்சாலையில், இறுதிச் சரக்கு 20 சதவீதத்தில் நின்றால், விடை கெட்டுவிடும். பிரித்து எழுதும் பழக்கமே நல்லது.

கூலி, மேற்செலவு நிரலில் பழுதுக்கு 80%. பழுதான குவளையில் அதற்குமேல் யாரும் வேலை செய்யவில்லை. சூளை நின்றது 60 சதவீதக் கட்டத்திலே என்றாலும், விரிசல் தெரிந்து குவளை ஒதுக்கப்பட்டது இறக்கும்போதுதான், எனவே 80%. அந்த அடுக்கை நடுவிலேயே வெளியே எடுத்து ஒதுக்கியிருந்தால் மட்டும் எடுத்த கட்டத்தின் சதவீதம்.

பெட்டி நிரலில் பழுதுக்குப் பூஜ்யம். இதை 8,800 என்று எழுதினால், பெட்டியையே பார்க்காத அசாதாரணப் பழுது சுமார் ₹1,309 பெட்டிச் செலவைச் சுமக்கும்.

ஆரம்பச் சரக்கு 1,000 அட்டவணையில் தனி வரியாக இல்லை என்று தேட வேண்டாம். அவை முடிந்தவற்றிலோ பழுதிலோ கலந்துவிட்டன. அவற்றில் போன மாதம் நடந்த வேலையைக் கழித்தீர்கள் என்றால் ஃபைஃபோ முறைக்குள் போய்விட்டீர்கள்.

5. செலவைக் கூட்டி, வகுத்து, ஒரு அலகின் விலை

எடையிட்ட சராசரியில் போன மாதத்திலிருந்து வந்த செலவையும் இந்த மாதச் செலவையும் வகைவாரியாகக் கூட்டிவிட்டுத்தான் வகுக்க வேண்டும். அலகில் ஆரம்பச் சரக்கின் வேலை முழுவதும் இருப்பதால் செலவிலும் அது இருக்க வேண்டும்.

| | ஆரம்பச் சரக்கில் | இந்த மாதம் | மொத்தம் | சமான அலகு | ஒன்றுக்கு |
|---|---|---|---|---|---|
| முந்தைய துறை | ₹38,500 | ₹3,61,500 | ₹4,00,000 | 10,000 | ₹40 |
| கிளேஸ் | ₹5,800 | ₹54,200 | ₹60,000 | 10,000 | ₹6 |
| கூலி, மேற்செலவு | ₹7,400 | ₹1,29,400 | ₹1,36,800 | 9,120 | ₹15 |
| பெட்டி | 0 | ₹24,000 | ₹24,000 | 8,000 | ₹3 |
| மொத்தம் | ₹51,700 | ₹5,69,100 | ₹6,20,800 | | ₹64 |

விலைகள் முழு எண்ணாக வந்தது விளக்கத்துக்காக. நிஜக் கணக்கில் நான்கு தசம இடம்வரை வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு இடத்தில் நிறுத்தினால் பத்தாயிரம் அலகில் பெருக்கும்போது சில பத்து ரூபாய் இடிக்கும். அது வட்டமிட்ட வித்தியாசமா, பிழையா என்று தேடியே நேரம் போகும்.

முதல் துறையிலிருந்து வந்த ₹3,61,500-ஐயும் ஒரு முறை விசாரியுங்கள். முதல் துறையின் இயல்பான பழுது அதில் இருக்கலாம், இருக்கவும் வேண்டும். அங்கே ஏற்பட்ட அசாதாரணப் பழுது அங்கேயே நட்டத்துக்குப் போயிருக்க வேண்டும். அது இந்தத் தொகையோடு ஒட்டிக்கொண்டு வந்தால் இரண்டாம் துறையின் விலை முழுவதும் ஊதிப்போகும், இங்கே எவ்வளவு தேடினாலும் காரணம் கிடைக்காது.

6. செலவைப் பங்கிடுங்கள், பழுதிலிருந்து தொடங்கி

முதலில் ஒரு பழுதுக் குவளையின் அடக்கம்: 40 + 6 + (15 × 80%) = ₹58. பெட்டி இல்லை.

அசாதாரணப் பழுது: 480 × 58 = ₹27,840
இயல்பான பழுது: 320 × 58 = ₹18,560

அடுத்து இறுதி முடிவுறாச் சரக்கு: முந்தைய துறைச் செலவு 1,200 × 40 = ₹48,000, கிளேஸ் 1,200 × 6 = ₹7,200, கூலியும் மேற்செலவும் 480 × 15 = ₹7,200. மொத்தம் ₹62,400. கடைசி இரண்டும் ஒரே தொகையாக வந்தது தற்செயல்.

நல்ல குவளைகள்: 8,000 × 64 = ₹5,12,000. இதோடு இயல்பான பழுதின் ₹18,560-ஐச் சேர்த்தால் ₹5,30,560. ஒன்றுக்கு ₹66.32.

சரிபார்ப்பு: 5,30,560 + 27,840 + 62,400 = ₹6,20,800.

இயல்பான பழுதின் ₹18,560 முழுவதும் ஏன் முடிந்த குவளைகளின் தலையில்? அந்தப் பழுது சோதனையில் தெரியவந்தது. சோதனையைத் தாண்டிய நல்லவற்றுக்காகத்தான் அந்தச் செலவு. இறுதிச் சரக்கு 1,200-உம் இன்னும் அந்த வாசலுக்கே வரவில்லை. அடுத்த மாதம் வரும்போது அவற்றின் பங்குக்கான பழுது அப்போது ஏற்படும். இப்போதும் ஏற்றினால் அவை இருமுறை சுமக்கும். அவை சோதனையைத் தாண்டி நின்றிருந்தால் மட்டும் 8,000-க்கும் 1,200-க்கும் குவளை எண்ணிக்கைப்படி பங்கு பிரிக்க வேண்டும்.

7. தேர்வுத்தாளில் இதே கணக்கு வேறு விடை தரும்

சி.ஏ., சி.எம்.ஏ. பாடங்களில் இயல்பான பழுதுக்குச் சமான அலகே போடுவதில்லை. அந்த வரியைப் பூஜ்யமாக விட்டுவிட்டு, அதன் விற்பனை மதிப்பு இருந்தால் பொருள் செலவில் கழிப்பார்கள். அசாதாரணப் பழுதுக்கு மட்டும் முடிந்த சதவீதப்படி சமான அலகு. இது தவறல்ல, குறுக்கு வழி. தேர்வு எழுதுகிறவர் அதைத்தான் பின்பற்ற வேண்டும்.

ஆனால் அதன் விளைவு தெரிந்திருக்கட்டும். நம் எண்களில் 320-ஐ விட்டுவிட்டால் முந்தைய துறைச் செலவுக்கும் கிளேஸுக்கும் அலகு 9,680, கூலி-மேற்செலவுக்கு 8,864. வகுக்கும் எண் குறைவதால் விலை ஏறும். இறுதிச் சரக்கு ₹62,400-இலிருந்து சுமார் ₹64,433 ஆகிறது. அசாதாரண நட்டமும் ₹27,840-இலிருந்து சுமார் ₹28,736 ஆகிறது. இயல்பான பழுதின் செலவு, சோதனைக்கே வராத 1,200 குவளைகள் மேலும் பரவிவிட்டதுதான் காரணம். எல்லா இறுதிச் சரக்கும் சோதனையைத் தாண்டியிருந்தால் இந்த வழி பெரிதாகத் தப்பாது. நம்முடையதுபோலத் தாண்டாமல் நின்றால், தொழிற்சாலைக் கணக்குக்கு முழு வழியே சரி என்பது என் கருத்து.

8. பழுதுக் குவளைக்கு விலை கிடைத்தால்

சரிந்ததும் விரிசல் விட்டதும் குப்பைக்குத்தான். ஆனால் லேசாகக் கோணியவற்றைக் காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்காரர்கள் வாங்கிக்கொள்ளலாம். பழுதுக் குவளை ஒன்றுக்குச் சராசரியாக ₹10 கிடைத்தது என்று வையுங்கள். மொத்தம் ₹8,000. இதைச் சேர்த்தே ஓரிடத்தில் கழித்துவிடுவதுதான் வழக்கமான தவறு.

இயல்பானவற்றின் ₹3,200, நல்ல குவளைகள் மேல் ஏற்றும் தொகையைக் குறைக்கும்: 18,560 − 3,200 = ₹15,360. அசாதாரணமானவற்றின் ₹4,800 துறைக் கணக்குக்குள் வரவே கூடாது. அது அசாதாரணப் பழுதுக் கணக்கில் வரவாகி, இலாப நட்டத்துக்குப் போகும் தொகையை ₹23,040 ஆக்கும். துறைக் கணக்கில் கழித்தால், விபத்தில் உடைந்த குவளையை விற்ற காசு நல்ல குவளையின் விலையைக் குறைத்துக் காட்டும்.

9. பதிவும் அடுத்த மாதத்துக்கு எடுத்துச் செல்வதும்

விற்பனை மதிப்பு எதுவும் இல்லாத நிலையில் பதிவு இப்படி:

முடிந்த சரக்குக் கணக்கு, பற்று ₹5,30,560
அசாதாரணப் பழுதுக் கணக்கு, பற்று ₹27,840
இரண்டாம் துறைக் கணக்கு, வரவு ₹5,58,400

இதற்குப் பின் துறைக் கணக்கில் ₹62,400 மிஞ்ச வேண்டும். மிஞ்சாவிட்டால் 6ஆம் படிக்குத் திரும்புங்கள். அசாதாரணப் பழுதுக் கணக்கை மாத இறுதியில் இலாப நட்டக் கணக்குக்கு மாற்றிவிடலாம். 480 குவளைகளின் எண்ணிக்கையையும் காரணத்தையும் ஒரு தாளில் எழுதி வரிக் கணக்குப் பார்ப்பவரிடம் கொடுத்துவையுங்கள். அழிந்துபோன அல்லது எழுதித் தள்ளிய சரக்குக்கு உள்ளீட்டு வரியைக் கழிக்க ஜி.எஸ்.டி. சட்டத்தின் 17(5)(h) பிரிவில் தடை இருப்பதால் அவர் அதைக் கேட்பார்.

₹62,400-ஐ ஒரே தொகையாக அடுத்த மாதத் தாளில் எழுதிவிடாதீர்கள். முந்தைய துறை ₹48,000, கிளேஸ் ₹7,200, கூலியும் மேற்செலவும் ₹7,200, பெட்டி பூஜ்யம் என்று பிரித்தே எழுதுங்கள், பக்கத்தில் ‘1,200 குவளை, 40%, சோதனைக்கு முன்’ என்றும் குறியுங்கள். பிரிக்காவிட்டால் அடுத்த மாதம் 5ஆம் படியில் எதை எதோடு கூட்டுவது என்று தெரியாது. சதவீதம் இல்லாவிட்டால் 3ஆம் படியில் அந்த 1,200-ஐ எந்த மாதத்தின் பழுது அடிப்படையில் சேர்ப்பது என்றும் தெரியாது.